டாலர் வருவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல்

‘உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்று ரெக்ரூட்டர் சொல்வதற்கும் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வருவதற்கும் நடுவில் சில நாள் இடைவெளி இருக்கும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்தே கான்ட்ராக்டராக வேலை பார்க்கப் போகிறவர்கள் பணத்தைப் பற்றி எழுத வேண்டியதை அந்த நாட்களில்தான் எழுத வேண்டும். அதற்கு முன் எழுதினால் பதில் வராது. கையெழுத்துப் போட்டபின் எழுதினால் பதில் வரும், ஆனால் எதையும் மாற்ற முடியாது.

எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தவறான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ‘நான் எவ்வளவு வரி கட்ட வேண்டியிருக்கும்?’ என்பது அந்தக் கேள்வி. டெக்ஸஸில் உட்கார்ந்திருக்கும் ரெக்ரூட்டருக்கு இந்திய வருமான வரி தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மரியாதைக்காக ‘உங்கள் ஊர் ஆடிட்டரைக் கேளுங்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். அவரால் மட்டுமே சொல்லக்கூடிய விவரங்கள் சில இருக்கின்றன. பணம் எந்த நிறுவனத்தின் பெயரில், எந்த நாட்டிலிருந்து, எந்த நாணயத்தில் வரும்? அங்கேயே வரி பிடிப்பார்களா? அனுப்பும் செலவு யார் தலையில்? எத்தனை நாளில் வரும்? ஆடிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பதில்கள் கையில் இல்லாமல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் பொறியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க நிறுவனம் ஒன்று மாதம் 3,000 டாலர் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க டாலரை 85 ரூபாய் என்றே வைப்போம். மாதத்துக்கு 2,55,000 ரூபாய், ஆண்டுக்கு 30,60,000 ரூபாய். அவர் ரெக்ரூட்டருக்கு எழுதும் மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் அதன் சாரம் இது:

‘வணக்கம். ஒப்பந்தம் தயாராவதற்கு முன், உங்கள் கணக்குப் பிரிவிடம் கேட்டு நான்கு விவரங்களை உறுதி செய்தால் உதவியாக இருக்கும். இந்த அஞ்சலை அப்படியே அவர்களுக்கு அனுப்பலாம். ஒன்று, என்னோடு ஒப்பந்தம் செய்வதும் பணம் அனுப்புவதும் உங்கள் அமெரிக்க நிறுவனம்தானா? இன்வாய்ஸில் எழுத வேண்டிய முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். இரண்டு, நான் இந்தியாவில் வசிப்பவள், வேலை முழுவதையும் இந்தியாவிலிருந்தே செய்வேன். அதற்கான டபிள்யூ-8பென் படிவத்தைத் தருகிறேன். அதன்பேரில் தொகையில் அமெரிக்க வரி எதுவும் பிடிக்கப்படாது என்பதை உறுதி செய்யவும். மூன்று, இன்வாய்ஸ் டாலரில் இருக்கும். வங்கிக் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்பதாக இருக்கட்டும். நான்கு, இன்வாய்ஸ் தேதியிலிருந்து எத்தனை நாளில் பணம் வரும்? 15 நாள் எனக்கு வசதி. இந்தியாவில் நான் கட்டவேண்டிய வரிகளை நானே பார்த்துக்கொள்கிறேன். நன்றி.’

அவ்வளவுதான். நம் ஊர் அலுவலகக் கடித வழக்கப்படி ‘மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று தொடங்கினால், ரெக்ரூட்டர் இரண்டாவது வரியைத் தாண்டமாட்டார். ‘அப்படியே அனுப்பலாம்’ என்ற வாக்கியம் முக்கியமானது. பதில் அவரிடம் இல்லை, கணக்குப் பிரிவிடம்தான் இருக்கிறது. அவர் தன் சொற்களில் திருப்பி எழுதினால் கேள்வி பாதியாகத்தான் போய்ச் சேரும். கடைசிக்கு முந்தைய வரியும் வேலை செய்கிறது. இந்திய வரிச் சிக்கல் எதுவும் தங்கள் தலையில் விழாது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் தயக்கம் குறையும்.

நான்கில் மிகப் பெரியது முதல் கேள்வி. பலருக்கு அது சம்பிரதாயமாகத் தோன்றும். அமெரிக்க நிறுவனம்தானே பேட்டி எடுத்தது, அவர்கள்தானே பணம் தருவார்கள் என்று நினைப்போம். ஆனால் அந்த நிறுவனத்துக்குப் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஒரு துணை நிறுவனம் இருக்கலாம். ‘கவலைப்படாதீர்கள், எங்கள் இந்தியக் கிளை ரூபாயிலேயே உங்களுக்கு அனுப்பிவிடும், உங்களுக்கும் வசதி’ என்று ரெக்ரூட்டர் நல்ல மனதோடுதான் எழுதுவார். அந்த ஒரு வரி கணக்கையே புரட்டிப் போட்டுவிடும்.

காரணம் ஜிஎஸ்டி. இந்தியாவில் இருக்கும் ஒருவர் வெளிநாட்டில் இருப்பவருக்குச் சேவை செய்து, பணம் அந்நியச் செலாவணியாக வந்தால் அது சேவை ஏற்றுமதி. ரிசர்வ் வங்கி அனுமதித்த சில வழிகளில் ரூபாயாக வந்தாலும் செல்லும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் இந்தியக் கம்பெனி தன் உள்ளூர்க் கணக்கிலிருந்து போடும் ரூபாய் அதில் சேராது. ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். அதே வேலையை இந்தியத் துணை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அவர்களிடமே ரூபாயில் வாங்கினால் அது உள்நாட்டு வியாபாரம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் 18 சதவீதம் வரி சேர்த்து இன்வாய்ஸ் போட வேண்டும். அந்த நிறுவனமும் பணத்தைக் கொடுக்கும்போது, சேவையின் வகையைப் பொறுத்து 2 அல்லது 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும்.

டிடிஎஸ் பெரிய நஷ்டமில்லை, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். 18 சதவீதம்தான் வலிக்கும். ஒப்பந்தத்தில் ‘2,55,000 ரூபாய், அனைத்து வரிகளும் உட்பட’ என்று ஒரு சொற்றொடர் விழுந்திருந்தால், அந்தத் தொகைக்குள்ளிருந்தே வரியைப் பிரிக்க வேண்டும். நம் பொறியாளரின் கணக்கில் அது மாதம் சுமார் 38,900 ரூபாய். இந்தியக் கிளைதான் கொடுக்கும் என்று பதில் வந்தாலும் வேலையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ‘ஜிஎஸ்டி பொருந்தினால் தொகைக்கு மேல் தனியாகச் சேரும்’ என்ற வாக்கியத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி எழுதினால் போதும். அந்தக் கிளை பெரும்பாலும் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் மறுக்க அவர்களுக்குக் காரணமில்லை. ஆனால் கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் அது சம்பள உயர்வு கேட்பது மாதிரி ஆகிவிடும்.

அமெரிக்க நிறுவனமே நேரடியாக டாலரில் அனுப்பும் என்று பதில் வந்தால், அடுத்து பார்க்க வேண்டியது படிவம். இங்கே வழக்கமாக ஒரு குழப்பம் நடக்கும். ரெக்ரூட்டரின் உதவியாளர், எல்லா கான்ட்ராக்டருக்கும் அனுப்புவதுபோல ஒரு இணைப்பை அனுப்புவார். திறந்தால் டபிள்யூ-9 படிவம். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அமெரிக்காவில் வரிக்குரிய வகையில் வசிப்பவர்களுக்கும் உரியது. அதில் கையெழுத்திட்டால், பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியின் கீழ் ‘நான் அமெரிக்கர்’ என்று எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். இந்தியாவிலிருந்து வேலை செய்யும் தனிநபருக்கு உரியது டபிள்யூ-8பென். ஒரே பக்கம்தான். பெயர், நிரந்தர முகவரி, பிறந்த தேதி, நம் நாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண், கீழே கையெழுத்து. இது அமெரிக்க வருமான வரித் துறைக்குப் போவதில்லை, பணம் கொடுக்கும் நிறுவனத்தின் கோப்பிலேயே இருக்கும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். 2026-இல் போட்ட கையெழுத்து 2029 முடியும்வரை.

‘டபிள்யூ-9 எனக்குப் பொருந்தாது, நான் அமெரிக்கர் அல்ல, அதற்குப் பதிலாக டபிள்யூ-8பென் தருகிறேன், வேலை முழுவதும் இந்தியாவில் நடக்கிறது’ என்று இரண்டு வரியில் பதில் எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் அஞ்சலில் படிவத்தை இணைத்து அனுப்புவது நல்லதல்ல. பான் எண்ணும் பிறந்த தேதியும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. நிறுவனத்தின் பணியேற்புத் தளத்தில் ஏற்றும் வழி கேட்பதுதான் சரி. வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே விதிதான்.

சில கணக்குப் பிரிவுகள் அதோடு விடமாட்டார்கள். ‘வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் பிடித்தாக வேண்டுமே, நீங்கள் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கோர வேண்டும், இரண்டாம் பகுதியை நிரப்புங்கள்’ என்று எழுதுவார்கள். 30 சதவீதம் என்பது உண்மையான விதிதான். ஆனால் அது அமெரிக்காவில் விளைந்த வருமானத்துக்கு. உடலுழைப்போ மூளையுழைப்போ, சேவைக்குரிய வருமானம் எங்கே விளைகிறது என்பதை அமெரிக்கச் சட்டம் வேலை நடந்த இடத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. பணம் கொடுப்பவர் எந்த ஊர், எந்த வங்கி என்பதை வைத்து அல்ல. கோயம்புத்தூரில் உட்கார்ந்து எழுதிய நிரலுக்கான பணம் அமெரிக்காவில் விளைந்ததே அல்ல என்பதால், 30 சதவீத விதி அதைத் தொடுவதில்லை. சலுகை கோர வேண்டிய தேவையும் எழவில்லை. இதை ஒரு வாக்கியமாக மின்னஞ்சலில் எழுதி, இன்வாய்ஸிலும் ‘சேவை முழுவதும் இந்தியாவிலிருந்து அளிக்கப்பட்டது’ என்று சேர்த்துவிட்டால், அங்கிருக்கும் கணக்கருக்குக் கோப்பில் வைக்க ஓர் ஆதாரம் கிடைத்துவிடும். அவர் கேட்பது உண்மையில் அதைத்தான்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒருமுறை பிடித்த பணத்தை மீட்பது பெரும்பாடு. 3,000 டாலரில் 900 போய்விடும். திரும்பப் பெற அமெரிக்காவில் அவர்களுடைய வரி எண் ஒன்று வாங்கி, வெளிநாட்டவருக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். ‘சரி, இந்தியாவில் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாமே’ என்று தோன்றும். இரு நாட்டு ஒப்பந்தப்படி முறையாக விதிக்கப்பட்ட வரிக்குத்தான் அந்தக் கழிவு. விதிக்கவே கூடாத வரியைத் தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்றால், நம் வரி அதிகாரி ‘அதை அங்கே போய்க் கேளுங்கள்’ என்று சொல்ல முடியும். ஒப்பந்த வரைவு வந்ததும் ‘சட்டப்படி தேவையான வரிகளை நிறுவனம் கழித்துக்கொள்ளலாம்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், ‘செல்லுபடியாகும் டபிள்யூ-8பென் இருக்கும்வரை, இந்தியாவில் செய்த வேலைக்கு எதுவும் கழிக்கப்படாது’ என்பதைக் கூடவே சேர்க்கச் சொல்லலாம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அன்பளிப்புபோல வந்து சேரும். ‘ஆண்டுக்கு 15 நாள் சம்பளத்துடன் விடுப்பு, காலை 9 முதல் மாலை 6 வரை வேலை, வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது’ என்றெல்லாம் ஊழியர் ஒப்பந்தத்திலிருந்து வெட்டி ஒட்டியிருப்பார்கள். தகவல் தொழில்நுட்பம் உட்பட்ட சில தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அல்லது ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதபோது 75 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டும் முறை இந்திய வருமான வரியில் உண்டு. 44ஏடிஏ என்று எல்லாரும் சொல்லிப் பழகிய பிரிவு அது. 2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய சட்டத்தில் எண் மாறினாலும் முறை தொடர்கிறது. நம் பொறியாளரின் 30,60,000-இல் பாதி 15,30,000. 2025-26-இன் புதிய வரிமுறை விகிதப்படி, செஸ்ஸையும் சேர்த்து வரி 1,13,880 ரூபாய். அதே 30,60,000 ஊழியச் சம்பளமாக இருந்தால் நிலைக்கழிவு போக வரி 4,94,520 வரும். இந்த வித்தியாசம் முழுவதும் ‘இவர் ஊழியர் அல்ல, தொழில்முறையாளர்’ என்பதில் தொங்குகிறது. ஒப்பந்தம் வரிக்கு வரி ஊழியரைப்போலப் பேசினால், பிற்பாடு ஒரு அதிகாரி அதைச் சம்பளம் என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். உண்மையிலேயே ஊழியர் மாதிரி நடத்தப்போகிறார்கள் என்றால், இந்தியாவில் சட்டப்படி ஊழியராகச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டு நிறுவனத்துக்காக வேலை வாங்கிக் கொடுக்கும் இடைநிறுவனங்கள் இருக்கின்றன. அந்த வழியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதே நேர்மை. வருங்கால வைப்பு நிதியாவது மிஞ்சும்.

மூன்றாவது கேள்வியான வங்கிக் கட்டணம் சிறிய விஷயம், ஆனால் மாதாமாதம் உறுத்தும். அமெரிக்க வங்கியிலிருந்து நம் வங்கிக்குப் பணம் நேராக வருவதில்லை. நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் கைமாற்றிவிடும், ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 3,000 அனுப்பினோம் என்று அவர்கள் சொல்வார்கள், இங்கே 2,975 வந்திருக்கும். அனுப்பும் படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு பெட்டி உண்டு. அதில் OUR என்று இருந்தால் அனுப்புபவர் ஏற்கிறார், SHA என்றால் பகிர்வு, BEN என்றால் முழுவதும் நம் பணத்தில். ரெக்ரூட்டருக்கு இந்தச் சொற்கள் தெரியாது, கணக்குப் பிரிவுக்குத் தெரியும். வந்த பணத்துக்கு நம் வங்கி, வெளிநாட்டுப் பணம் பெற்றதற்கான அறிவுரைச் சீட்டு ஒன்று தரும். அதில் நோக்கக் குறியீடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மென்பொருள் ஆலோசனைக்கு `P0802`. வங்கி எழுத்தர் அவசரத்தில் குடும்பப் பராமரிப்புக்கு அனுப்பிய பணம் என்று போட்டுவிட்டால், ஏற்றுமதி என்று நிரூபிக்க வேண்டிய அன்று அந்தச் சீட்டு எதிர்சாட்சியாக நிற்கும்.

நான்காவது, நாள் கணக்கு. ஜூன் 1-இல் வேலையில் சேர்ந்து, மாத முடிவில் இன்வாய்ஸ் அனுப்பி, ‘30 நாளில் பணம்’ என்றால் முதல் டாலர் ஜூலை 30-க்குத்தான் கிளம்பும். கைக்கு வர ஆகஸ்ட் ஆகும். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு மாதம் வரவில்லாமல் போகும். 15 நாள் என்று கேட்பது, அல்லது முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் மாதம் இருமுறை இன்வாய்ஸ் அனுப்ப அனுமதி கேட்பது ரெக்ரூட்டர்கள் அடிக்கடி பார்க்கும் வேண்டுகோள்தான். கூச்சப்படத் தேவையில்லை.

ஜிஎஸ்டி பதிவு எப்போது? சேவைக்கு எல்லை ஆண்டுக்கு 20 லட்சம், ஏற்றுமதியும் அந்தக் கணக்கில் சேரும். வரிதான் பூஜ்யமாயிற்றே, பதிவு எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. ஏப்ரலில் வேலை தொடங்கினால் நம் பொறியாளர் எட்டாவது மாத இன்வாய்ஸில் 20,40,000-ஐத் தொட்டுவிடுவார். எல்லையைத் தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவானதும் எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவமாகத் தாக்கல் செய்தால், வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். இல்லையென்றால் 18 சதவீதம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். பத்திரம் ஒரு நிதியாண்டுக்குத்தான், ஏப்ரல் பிறந்ததும் புதிதாகப் போட வேண்டும். பதிவுக்குப் பிறகு ஒவ்வொரு இன்வாய்ஸிலும் இந்த வரி இருக்க வேண்டும்:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

இதைப் பார்த்துவிட்டு அமெரிக்கக் கணக்கர் ‘இது என்ன, நாங்கள் ஏதாவது கட்ட வேண்டுமா?’ என்று நிச்சயம் கேட்பார். முதல் இன்வாய்ஸை அனுப்பும்போதே ‘கீழே உள்ள வாசகம் இந்தியச் சட்டத்துக்காக, உங்களுக்கு அதனால் கட்டணம் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஒரு வாரத் தாமதம் மிச்சம்.

அங்கே யாரும் வரி பிடிக்கவில்லை என்பதால், இங்கே முன்வரியை நாமே கட்ட வேண்டும். வரவில் பாதியைக் காட்டும் முறையில் இருப்பவர்களுக்கு அது மார்ச் 15-க்குள் ஒரே தவணை.

வேலை நன்றாகப் போனால் ஆறு மாதத்தில் இன்னொரு அஞ்சல் வரும். ‘ஆஸ்டினில் குழுக் கூட்டம், மூன்று வாரம் வந்து எங்களோடு வேலை செய்யுங்கள், டிக்கெட் நாங்கள் எடுக்கிறோம்.’ டிக்கெட் பதிவாவதற்கு முன் ரெக்ரூட்டருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து மறுபடி எழுத வேண்டிய இடம் இதுதான். அந்த மூன்று வாரத்தில் அமெரிக்க மண்ணில் செய்த வேலைக்கான பங்கு, அமெரிக்காவில் விளைந்த வருமானம் ஆகிவிடுகிறது. ‘முழுவதும் இந்தியாவிலிருந்து’ என்ற வரியை அந்த மாத இன்வாய்ஸில் போட முடியாது. டபிள்யூ-8பென்னும் அந்த நாட்களுக்குப் போதாது. அங்கே செய்யும் சேவைக்கு வரி ஒப்பந்த விலக்குக் கோர 8233 என்ற வேறு படிவம் இருக்கிறது. எந்த விசாவில் போய் எதைச் செய்யலாம் என்பது தனிக் கேள்வி. அந்த மாதம் இன்வாய்ஸை இரண்டாகப் பிரித்து, இந்தியாவில் வேலை செய்த நாட்களுக்கு ஒன்று, அங்கே இருந்த நாட்களுக்கு ஒன்று என்று அனுப்பச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள்.